நீளாத கம்பிக்குள் மூன்று டன்

இரண்டு மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஓர் எஃகுக் கம்பியை அதிகாலையில் இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் பொருத்தி, இரு முனைகளையும் அசையாதபடி இறுக்கிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கம்பியின் சூடு 25 டிகிரி. உச்சி வெயிலில் அது 65 டிகிரியைத் தொடுகிறது. இந்த 40 டிகிரி ஏற்றம் கம்பியை என்ன செய்யும்?

சுவர்கள் இல்லாவிட்டால் விடை எளிது. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். இரண்டு மீட்டர் கம்பி 40 டிகிரிக்கு 0.96 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நீள இடம் கிடைத்துவிட்டால் கம்பிக்குள் எந்த அழுத்தமும் எழாது. சூடு மட்டும் எஃகை நெருக்குவதில்லை. நீளவிடாமல் தடுப்பதுதான் நெருக்குகிறது.

சுவர்கள் அசையாமல் நிற்பதால், நீள வேண்டிய 0.96 மில்லிமீட்டரையும் அவை திருப்பி அமுக்குகின்றன. நீண்ட கம்பியைப் பழைய அளவுக்குக் குறுக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அதே விசை இப்போது கம்பிக்குள் இருக்கிறது. இதைத்தான் பொறியாளர்கள் வெப்பத் தகைவு என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மூன்று எண்களைப் பெருக்கினால் போதும்:

σ = E × α × ΔT

எஃகின் விறைப்பு (E) ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன். விரிவெண் (α) 0.000012. சூட்டின் ஏற்றம் (ΔT) 40. பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 96 நியூட்டன் வருகிறது. கம்பியின் குறுக்குப் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். ஆகவே மொத்த விசை சுமார் 30,000 நியூட்டன், அதாவது மூன்று டன் எடை. விரல் பருமனைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு கம்பி, இரண்டு சுவர்களையும் அவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது.

இந்தச் சூத்திரத்தில் நீளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கம்பி ஒரு மீட்டரானாலும் பத்து மீட்டரானாலும் தகைவு அதே 96தான். நீண்ட கம்பி அதிகம் நீளப் பார்க்கும் என்றாலும், அந்த நீட்சியைப் பகிர்ந்து தாங்கும் எஃகும் அதே விகிதத்தில் கூடுகிறது. சாதாரணக் கட்டுமான எஃகு சுமார் 250 வரை தாங்கும். அப்படியானால் 96 ஒன்றும் ஆபத்தில்லையே என்று தோன்றும். நம் கம்பி தோற்பது வேறு வழியில்.

ஒரு நீண்ட ஈர்க்குச்சியை இரு முனையிலும் பிடித்து அழுத்திப் பாருங்கள். நொறுங்குவதற்கு வெகு முன்பே அது பக்கவாட்டில் வளைந்துவிடும். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு கணக்கு தந்தார். அதன்படி நம் கம்பி 15,500 நியூட்டனிலேயே நெளியத் தொடங்கும். சூடு 20 டிகிரி ஏறியதுமே, அதாவது கம்பி 46 டிகிரியை நெருங்கும்போதே, அந்த விசை வந்துவிடுகிறது. அதன் பிறகு ஏறும் சூடெல்லாம் வளைவாக மாறுகிறது. மீதி 19 டிகிரிக்கு நீள வேண்டியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அதற்கு இடம் கொடுக்கக் கம்பியின் நடுப்பகுதி ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விலகி வளைய வேண்டியிருக்கிறது! மூன்று டன் என்ற கணக்கு கம்பி நேராக நின்றால் மட்டுமே பொருந்தும். அதே கம்பி ஒரு மீட்டர் நீளமாக இருந்தால் 80 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் நெளியும். ஆக, தகைவில் இடம் பெறாத நீளம் நெளிவில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ரயில் தண்டவாளத்தில் நடப்பதும் இதுதான். பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளத்துக்குச் சுவர் கிடையாது. சிலீப்பர்களும் ஜல்லியும்தான் அதை நீளவிடாமல் பிடித்திருக்கின்றன. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள ஒரு தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1.9 டன் விசை கூடுகிறது. 25 டிகிரி ஏறினால் 47 டன். இரண்டு தண்டவாளங்களுக்கும் சேர்த்து 90 டன்னைத் தாண்டிவிடும். ஓரிடத்தில் ஜல்லி தளர்ந்திருந்தால் பாதை அங்கே பாம்பு போல நெளிந்துவிடும்.

நெளியும் வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீளம் மாறாததால் அளவுகோல் வைத்துப் பார்த்தும் பயனில்லை. அதனால்தான் தண்டவாளத்தைக் குளிர் வேளையின் சூட்டில் பூட்டுவதில்லை. அந்த ஊரின் கோடைக்கும் குளிருக்கும் நடுவில், சற்று மேலான ஒரு சூட்டில், உள்ளே தகைவே இல்லாத நிலையில் பூட்டுகிறார்கள். கோடையில் அது ஏற வேண்டிய டிகிரிகள் அங்கேயே குறைந்துவிடுகின்றன. நம் கம்பிக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒரு முனையை இறுக்காமல், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டிருந்தால், அந்த 0.96 மில்லிமீட்டர் அங்கேயே அடங்கியிருக்கும்.