தடித்த எழுத்து எங்கே போனது?

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருவர் ஜூலை மாத நெருக்கடியில் என்னை அழைத்தார். வாடிக்கையாளர் ஒருவர் வங்கிக் கணக்கு விவரத்தை மெயிலில் அனுப்பி நான்கு நாளாகிவிட்டது. அனுப்பியவர் கோபமாகப் போன் செய்த பிறகுதான் இன்பாக்ஸில் தேடிப் பார்த்திருக்கிறார். மெயில் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே படித்ததுபோல மெல்லிய எழுத்தில் கிடக்கிறது. "நான் இதைத் தொடவே இல்லைங்கண்ணா. யாரு படிச்சாங்கன்னே தெரியல" என்றார்.

யாரும் படிக்கவில்லை. அவருடைய திரை படித்துவிட்டது.

அவர் பயன்படுத்துவது தண்டர்பேர்ட். மெயிலுக்கென்று கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருள். அதன் திரையை மூன்று பகுதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இடப்பக்கம் ஃபோல்டர்களின் பட்டியல். அடுத்தது மெயில்களின் பட்டியல். மூன்றாவது, பட்டியலில் எந்த மெயிலைத் தொட்டாலும் அதை அங்கேயே விரித்துக் காட்டும் வாசிப்புப் பகுதி. இந்த மூன்றாவது பகுதிதான் நம் குற்றவாளி.

தண்டர்பேர்டை நிறுவியபடியே வைத்திருந்தால், வாசிப்புப் பகுதியில் ஒரு மெயில் தெரிந்த நொடியே அது படித்ததாகக் குறிக்கப்படும். இதில் இன்னொரு சங்கிலியும் உண்டு. ஒரு விளம்பர மெயிலை அழித்தால், தேர்வு தானாக அடுத்த மெயிலுக்கு நகரும். அது உடனே வாசிப்புப் பகுதியில் விரியும், தடித்த எழுத்து மெலியும். காலையில் பத்து குப்பை மெயில்களை வேகமாக அழித்துவிட்டு டீ குடிக்கப் போனால், பதினோராவதாக இருந்த முக்கியமான மெயில் 'படித்ததாக' மாறியிருக்கும். ஐமேப் முறையில் இணைந்த கணக்கு என்றால், இந்தக் குறி சர்வரிலேயே பதிவாகும். எனவே கைப்பேசியிலும் அது மெல்லிய எழுத்தாகவே தெரியும். அங்கே பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இதற்கான சிகிச்சை ஒரே ஓர் அமைப்பில் இருக்கிறது. `Settings` திறந்து, `General` பக்கத்தில் `Reading & Display` என்ற பகுதிக்குப் போக வேண்டும். அங்கே `Automatically mark messages as read` என்பதன் கீழ் இரண்டு தேர்வுகள் உண்டு. `Immediately on display` என்பதை விட்டுவிட்டு `After displaying for` என்பதைத் தேர்ந்து, 5 நொடி என்று வைக்கலாம். கடந்துபோகும் மெயில்கள் அப்போது தப்பித்துவிடும். ஆனால் டீ குடிக்கப் போனவரை ஐந்து நொடி காப்பாற்றாது. அதனால் அவருக்கு நான் சொன்னது வேறு: அந்தப் பெட்டியின் டிக்கையே எடுத்துவிடுங்கள். படித்து முடித்ததும் `M` விசையை அழுத்தினால் குறி மாறும். மறுபடி அழுத்தினால் பழையபடி தடித்துவிடும். கூடுதல் வேலைதான். ஆனால் அதன்பிறகு மெல்லிய எழுத்து என்றால் அதை அவர்தான் படித்திருக்கிறார்.

இவ்வளவோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். "பட்டியல்ல எது என்னன்னே தெரியறதில்லைங்கண்ணா, எல்லாம் பாதியில நிக்குது" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். அது இடப் பற்றாக்குறை.

அவருடைய லேப்டாப் 1920×1080 புள்ளிகள் கொண்டது. பெட்டியில் 'ஃபுல் எச்டி' என்று போட்டிருக்கும். ஆனால் எழுத்து பொடியாக இருக்கக் கூடாதென்று விண்டோஸ் அதை 125 சதவீதம் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் மென்பொருளுக்குக் கிடைக்கும் இடம் 1536×864 மட்டுமே. 150 சதவீதம் என்றால் 1280×720. திரை பெரிது, அதில் கொள்வது குறைவு. வாங்கிய அளவை வைத்துக் கணக்குப் போட்டால் இங்கேதான் ஏமாறுவோம்.

1536 அகலத்தில் ஓரப் பட்டைக்கும் ஃபோல்டர் பட்டியலுக்கும் 270 போனால் மிச்சம் சுமார் 1270. தண்டர்பேர்டில் மூன்று தளவமைப்புகள் உண்டு: `Classic View`, `Wide View`, `Vertical View`. `Alt` விசையை அழுத்தினால் மேலே மெனு தெரியும், அதில் `View` > `Layout` என்று போனால் இவை கிடைக்கும். முதல் இரண்டிலும் வாசிப்புப் பகுதி கீழே இருக்கும். வைடில் அது ஃபோல்டர் பட்டியலுக்கு அடியிலும் நீண்டு, முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். வெர்ட்டிக்கலில் வாசிப்புப் பகுதி வலப்பக்கம் நிற்கும்.

அவர் வைத்திருந்தது வெர்ட்டிக்கல். வாசிப்புப் பகுதிக்கு 700, பட்டியலுக்கு 570. வலப்பக்கத்துக்கு 700 கொடுத்ததில் நியாயம் உண்டு. நிறுவனங்கள் அனுப்பும் அலங்கார மெயில்கள் பலவும் 600 புள்ளி அகலத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே போனால் மெயிலுக்கு அடியில் பக்கவாட்டு உருள்பட்டை முளைக்கும். 1366×768 திரை கொண்ட பழைய லேப்டாப்பில் வெர்ட்டிக்கல் வைத்தால் இரண்டு பக்கமும் மூச்சுத் திணறும். அங்கே கிளாசிக்தான் சரி.

சிக்கல் அந்த 570-இல் இருந்தது. அனுப்பியவர், பொருள், தேதி, நட்சத்திரம், இணைப்பு, படித்தது, குப்பை என்று ஏழு நெடுவரிசைகள். மற்ற ஆறும் எடுத்ததுபோகப் பொருள் வரிக்கு ஏறக்குறைய 200 புள்ளிதான் மிஞ்சியது. அவருக்கு வரும் மெயில்களோ 'Re: Fwd: Re:' என்று தொடங்குபவை. எந்த மாதம், எந்த நிறுவனம் என்பது கடைசியில் வரும். அந்தக் கடைசிதான் வெட்டுப்பட்டது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கார்டு முறை. `Cards View` என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு சிறு அட்டையாகும். அனுப்பியவர் ஒரு வரி, பொருள் அடுத்த வரி. பொருளுக்கு முழு அகலமும் கிடைக்கும். ஆனால் ஒரு மெயில் பிடிக்கும் உயரம் கூடுவதால், ஒரே பார்வையில் தெரியும் மெயில்கள் குறையும். மற்றது, `Table View` என்ற வரி முறையிலேயே இருந்துகொண்டு, தலைப்பு வரிசையின் வலக்கோடியில் உள்ள சிறு ஐகானைத் தட்டித் தேவையற்ற நெடுவரிசைகளை எடுப்பது. அவர் அனுப்பியவர், பொருள், தேதி, இணைப்பு என்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டார். படித்ததா இல்லையா என்பதற்குத் தடித்த எழுத்தே போதும். அதற்கொரு நெடுவரிசை எதற்கு?

மறுநாளே போன் வந்தது. "இன்பாக்ஸ்ல சரியா இருக்கு, வேற ஃபோல்டர் போனா பழையபடி இருக்குதுங்கண்ணா." நெடுவரிசை அமைப்பு ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி. அதே ஐகானைத் தட்டினால் `Apply columns to…` என்று ஒன்று வரும். அதில் ஒரு ஃபோல்டரையும் அதன் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்துத் தேர்ந்தால் அமைப்பு எல்லாவற்றுக்கும் பரவும்.

அடர்த்தி என்பது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். மூன்று கோடு மெனுவில் `Density` என்பதன் எதிரே மூன்று படிகள் உண்டு: நெருக்கம், இயல்பு, தளர்வு. அதன் அருகிலேயே `Font Size` என்று எழுத்தின் அளவும் இருக்கும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நிறைய மெயில் தெரிய வேண்டுமென்று எழுத்தைச் சிறிதாக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அடர்த்தி மாற்றுவது வரிகளுக்கு இடையிலான வெற்றிடத்தை. எழுத்து அப்படியே இருக்கும். பட்டியலுக்கு 660 புள்ளி உயரம் கிடைத்து, ஒரு வரி 22 புள்ளி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 30 மெயில் தெரியும். 18 ஆக்கினால் 36. ஆறு மெயில் லாபம். அதே சமயம் வாசிப்புப் பகுதியைக் கீழே வைத்து உயரத்தைப் பாதியாக்கினால் 15 மெயில் நஷ்டம். முதலில் தளவமைப்பு, பிறகு அடர்த்தி என்று சொல்வது இதனால்தான்.

இவை எல்லாவற்றையும்விட அவருக்குப் பயன்பட்டது ஒரு விசை: `F8`. வாசிப்புப் பகுதியை அது மறைக்கும், மறுபடி அழுத்தினால் கொண்டுவரும். காலை வந்ததும் `F8` அழுத்தி மறைத்துவிடுகிறார். பட்டியலுக்கு 1270 முழுதும் கிடைக்கிறது, பொருள் வரி கடைசிவரை தெரிகிறது. வாசிப்புப் பகுதியே இல்லாததால் எந்த மெயிலும் கைதவறித் திறப்பதில்லை. அழிக்க வேண்டியதை அழித்து, நகர்த்த வேண்டியதை நகர்த்திய பிறகு மறுபடி `F8`. அப்போதுதான் படிக்கவும் பதில் எழுதவும் உட்காருகிறார்.

மிச்சம் இருந்தது இடப்பக்கம். அலுவலகத்துக்கு ஒன்று, ஜிஎஸ்டி வேலைக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று என மூன்று கணக்குகள். வாடிக்கையாளர்களுக்கென்று நாற்பது ஃபோல்டர். மொத்தம் அறுபதுக்கும் மேல். திரையில் ஒரே நேரத்தில் தெரிவது பாதிதான். கீழே ஒளிந்திருக்கும் ஃபோல்டரில் படிக்காத மெயில் வந்தால் அந்த எண் கண்ணில் படவே படாது. பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் `Folder Modes` வரும். அதில் `Unified Folders` மூன்று இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும். `Unread Folders` படிக்காத மெயில் உள்ள ஃபோல்டர்களை மட்டும் காட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு `All Folders` என்பதை நீக்கினோம். அறுபது வரிகள் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கின.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஐமேப் கணக்கில் தண்டர்பேர்ட் இயல்பாகப் புது மெயில் தேடிப் போவது இன்பாக்ஸுக்கு மட்டும். சர்வரிலேயே விதி போட்டு, மெயிலை நேராக வாடிக்கையாளர் ஃபோல்டருக்குத் திருப்பியிருந்தால், அந்த ஃபோல்டரை நாம் தட்டும்வரை அதில் மெயில் வந்ததே தெரியாது. எண் ஏறாது. எண் ஏறாததால் `Unread Folders` பட்டியலிலும் அது வராது. பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். தீர்வு: முழுப் பட்டியலைக் கொண்டுவந்து, அந்த ஃபோல்டரில் வலச்சொடுக்கி, `Properties` திறந்து, `When getting new messages for this account, always check this folder` என்பதை டிக் செய்வது. விதி போட்டிருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இதைச் செய்ய வேண்டும்.

செய்தது பலித்ததா என்று பார்க்க, அவருடைய விதியில் சிக்கும்படியான பொருள் வரியோடு என் கைப்பேசியிலிருந்து ஒரு வெற்று மெயில் அனுப்பினேன். இருவரும் மவுஸைத் தொடாமல் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சில நிமிடங்களில் அந்த வாடிக்கையாளரின் ஃபோல்டர் பட்டியலில் தலைகாட்டியது. பக்கத்தில் 3 என்ற எண். நான் அனுப்பியது ஒன்று. மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு அவர் போனை எடுத்து அந்த வாடிக்கையாளரை அழைத்தார்.