செவ்வாய், வியாழனில் மட்டும் காலிக் கட்டம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மதிப்பெண் அட்டவணை தொங்குகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அதில் மூன்றே வேலைகள். பள்ளி விட்டு வந்ததும் டிபன் பாக்ஸை சிங்க்கில் போடுவது, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மறுநாளைக்குப் பையை அடுக்குவது. கேட்காமலே செய்தால் 2 புள்ளி, ஞாபகப்படுத்திய பிறகு செய்தால் 1, செய்யாவிட்டால் பூஜ்யம். வாங்கிய புள்ளியைப் பறிப்பதில்லை. பறித்தால் புதன்கிழமையே கணக்குப் போட்டுப் பார்த்து, 'இனி எப்படியும் தேறாது' என்று குழந்தை கைவிட்டுவிடும். எட்டு வயதுக்கு ஞாயிறு என்பது வெகுதூரம். அதனால் தினமும் தூங்கப் போகும்முன் அவளே கட்டத்தை நிரப்புவாள்.

டிபன் பாக்ஸுக்கும் பைக்கும் வாரம் 5 நாள், செடிக்கு 7 நாள். ஆக முழுப் புள்ளி 34. முதல் வாரம் 20 எடுத்தால் போதும் என்று வைத்தோம். பரிசு, ஞாயிறு காலை என்ன டிபன் என்று அவள் சொல்வது. காசு பேச்சே இல்லை.

22 எடுத்தாள். பூரி கிடைத்தது. ஆனால் மொத்தத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசையாகப் படிக்க வேண்டும். செடிக்கு 12, பைக்கு 7, டிபன் பாக்ஸுக்கு 3தான். அந்த வரிசையில் செவ்வாயும் வியாழனும் காலி. சோம்பல் என்றால் கிழமை பார்த்தா வரும்?

அந்த இரண்டு நாளும் அவளுக்குப் பாட்டு வகுப்பு. என் போனில் அலாரம் அடிப்பது மாலை 5 மணிக்கு. அவள் வீட்டுக்கு வருவதோ ஆறரைக்கு. அவள் இல்லாத வீட்டில்தான் அது அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அலாரத்தை நிறுத்திவிட்டு, ஷூ ராக்கின்மேல் அவளே வரைந்த டிபன் பாக்ஸ் படத்தை ஒட்டினோம். எத்தனை மணிக்கு வந்தாலும் ஷூவைக் கழற்றித்தானே ஆக வேண்டும்! அடுத்த வாரம் அந்த வரிசையில் 8.

"கோலம் போடறாளே, அதுக்கும் ரெண்டு புள்ளி குடுங்க அண்ணி" என்றார் அவள் சித்தப்பா. மறுத்துவிட்டேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிற்பாடு விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். கோலம் அவளுக்கு விளையாட்டு. அதைக் கூலி வேலையாக்க எனக்கு மனமில்லை.

செடி வரிசை நான்கு வாரம் தொடர்ந்து நிரம்பியதும் அதை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டோம். "புள்ளி இல்லேன்னா நான் ஊத்த மாட்டேன்னு நினைச்சியாம்மா?" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் ஊற்றினாள். அதற்கடுத்த நாள் மறந்தாள். துளசி வாடியிருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் குவளையோடு தானே போனாள்.