வரைபடத்தில் வரிச்சுமை

நுழையும்முன்

ஒரு பொருளின் மீது அரசு வரி விதிக்கிறது. அவ்வரியை விற்பனையாளர் அரசுக்குச் செலுத்துகிறார். ஆயினும் அந்தச் சுமையைத் தாங்குபவர் விற்பனையாளரா, வாங்குபவரா? இவ்வினாவிற்கான விடை சட்டத்தின் சொற்களில் இல்லை; தேவைக்கோடும் அளிப்புக்கோடும் அமைந்துள்ள விதத்தில் இருக்கிறது. அவ்விரு கோடுகளைப் படித்து விடை காணும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

வரைபடத்தை அணுகுதல்

சில தேர்வு வினாக்களிலும் கணினிவழிப் பயிற்சிகளிலும் சமன்பாடுகள் தரப்படுவதில்லை. கணினித் திரையில் வரைந்த வரைபடத்தின் திரைப்பிடிப்பு மட்டுமே தரப்படுகிறது. அதைக் கண்டவுடன் இரு கோடுகளும் வெட்டும் இடத்தைத் தேடுவது மாணவர் இயல்பு. ஆனால் முதலில் படிக்க வேண்டியவை கோடுகள் அல்ல, அச்சுகளே.

எடுத்துக்காட்டாக ஒரு நகரின் குளிர்பான அங்காடியைக் கொள்வோம். இங்குள்ள எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. செங்குத்து அச்சு, ஒரு புட்டியின் விலையை ரூபாயில் காட்டுகிறது. கிடை அச்சு, ஒரு வாரத்தில் விற்கும் புட்டிகளை ஆயிரக்கணக்கில் காட்டுகிறது. ஆகவே கிடை அச்சில் உள்ள 50 என்பது ஐம்பது புட்டிகள் அன்று; ஐம்பதாயிரம் புட்டிகள். விலைக்குறிகள் ஐந்தைந்து ரூபாயாகவும், அளவுக்குறிகள் பத்துப் பத்தாகவும் உள்ளன.

இன்னொரு செய்தியும் உண்டு. இப்படத்தில் விலை அச்சு சுழியத்தில் தொடங்கவில்லை. 10 ரூபாயில் தொடங்குகிறது. திரையில் இடத்தை மிச்சப்படுத்த மென்பொருள்கள் இவ்வாறு அச்சின் அடிப்பகுதியை வெட்டிவிடுவது உண்டு. இதனால் அளிப்புக்கோடு இரு அச்சுகளும் கூடும் மூலையிலிருந்தே புறப்படுவது போலத் தோன்றுகிறது. அம்மூலையைச் சுழியம் என்று கொண்டால் பின்வரும் கணக்கு முழுவதும் பிழையாகும்.

சமநிலையைக் காணுதல்

படத்தில் இரு கோடுகளும் கிடை அச்சின் 50 என்னும் குறிக்கு நேர்மேலே வெட்டிக்கொள்கின்றன. அளவை எளிதில் படித்துவிடலாம். விலையோ 20க்கும் 25க்கும் இடையில் விழுகிறது. அது 22 ஆகவும் இருக்கலாம், 23 ஆகவும் இருக்கலாம். இந்த ஐயத்தைக் கண்ணளவால் தீர்க்க இயலாது. கோடுகளின் சமன்பாடுகளே தீர்க்கும்.

ஒவ்வொரு கோட்டிலும், கட்டங்களின் மூலைகளில் துல்லியமாகப் பொருந்தும் இரு புள்ளிகளைத் தெரிவு செய்ய வேண்டும். அப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பது நல்லது. அருகருகே இருந்தால் சிறு பிழையும் சாய்வைப் பெரிதும் மாற்றிவிடும். தேவைக்கோடு அளவு 20இல் 45 ரூபாயையும், அளவு 60இல் 15 ரூபாயையும் தொடுகிறது. அளவு 40 கூடும்போது விலை 30 குறைகிறது. எனவே ஒவ்வோர் ஆயிரம் புட்டிக்கும் விலை 75 காசு குறைகிறது. அளிப்புக்கோடு அளவு 20இல் 15 ரூபாயையும், அளவு 60இல் 25 ரூபாயையும் தொடுகிறது. அங்கே ஒவ்வோர் ஆயிரம் புட்டிக்கும் விலை 25 காசு உயர்கிறது. விலையை P என்றும், ஆயிரம் புட்டிகளில் அளவை Q என்றும் குறித்தால்,

தேவை: P = 60 − 0.75Q

அளிப்பு: P = 10 + 0.25Q

சமநிலையில் இரு விலைகளும் ஒன்றே. ஆகவே 60 − 0.75Q = 10 + 0.25Q. இதிலிருந்து Q = 50, P = 22.50 எனக் கிடைக்கின்றன. வாரத்திற்கு ஐம்பதாயிரம் புட்டிகள் ரூ.22.50 விலையில் விற்பனையாகின்றன.

மூலையைச் சுழியம் எனக் கொண்ட மாணவர் அளிப்பை P = 0.25Q என்று எழுதியிருப்பார். அவருக்கு அளவு 60, விலை 15 என விடை வரும். ஆனால் படத்தில் கோடுகள் 50க்கு நேரே அல்லவா வெட்டுகின்றன? கணக்கின் விடையை மீண்டும் படத்தில் வைத்துப் பார்ப்பவர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வார்.

வரி புகும்போது

இப்போது ஒவ்வொரு புட்டிக்கும் 8 ரூபாய் வரி விதிக்கப்படுகிறது என்று கொள்வோம். விற்பனையாளரே அதைச் செலுத்த வேண்டும். முன்பு எந்த விலைக்கு எவ்வளவு விற்க முன்வந்தாரோ, அதே அளவை விற்க அவருக்கு இப்போது 8 ரூபாய் கூடுதலாகத் தேவை. எனவே அளிப்புக்கோடு முழுவதும் செங்குத்தாக 8 ரூபாய் மேலே நகர்கிறது. புதிய கோடு P = 18 + 0.25Q. தேவைக்கோட்டுடன் அதை இணைத்தால் Q = 42, P = 28.50.

வாங்குபவர் ரூ.28.50 தருகிறார். அதில் 8 ரூபாய் அரசுக்குச் சென்றபின் விற்பனையாளர் கையில் நிற்பது ரூ.20.50. வரிக்குப்பின் அங்காடியில் ஒரே விலை இல்லை. இரு விலைகள் உள்ளன. புதிய அளவாகிய 42க்கு நேரே ஒரு செங்குத்துக்கோடு வரைந்தால், அது தேவைக்கோட்டைத் தொடும் இடம் வாங்குபவர் விலையைக் காட்டும். பழைய அளிப்புக்கோட்டைத் தொடும் இடம் விற்பனையாளர் பெறும் விலையைக் காட்டும். இரண்டிற்கும் இடையிலுள்ள உயரமே வரி.

பழைய விலையோடு ஒப்பிட்டால் வாங்குபவர் சுமை 6 ரூபாய். விற்பனையாளர் சுமை 2 ரூபாய். வரியைச் செலுத்துபவர் விற்பனையாளரே ஆயினும், அதில் முக்காற்பங்கு வாங்குபவர் தலையில் இறங்கிவிட்டது. தேவைக்கோட்டின் சாய்வு 0.75, அளிப்புக்கோட்டின் சாய்வு 0.25 என்பதை நினைவுகூர்க. சுமையும் அதே மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்திலேயே பிரிந்துள்ளது. எவருடைய கோடு செங்குத்தாக நிற்கிறதோ, அவர் விலை மாறினாலும் தம் அளவை எளிதில் மாற்றிக்கொள்ள இயலாதவர். அவரையே வரி மிகுதியாக அழுத்துகிறது.

வரியை வாங்குபவரே செலுத்த வேண்டும் என்று சட்டத்தை மாற்றினால் என்ன ஆகும்? அப்போது தேவைக்கோடு 8 ரூபாய் கீழிறங்கி P = 52 − 0.75Q ஆகும். அது பழைய அளிப்புக்கோட்டை அளவு 42இல், விலை 20.50இல் வெட்டும். அத்துடன் வாங்குபவர் 8 ரூபாய் வரியும் செலுத்துவார். அவருக்கு ஆகும் மொத்தச் செலவு மீண்டும் ரூ.28.50. சட்டம் மாறியது; சுமை மாறவில்லை.

மாணவர் வழுவும் இடங்கள்

முதலாவது, பழைய விலையுடன் வரியை அப்படியே கூட்டி ரூ.30.50 என்பது. அவ்விலையில் வாங்குவோர் கேட்பது ஏறத்தாழ 39,300 புட்டிகள். விற்பனையாளருக்கோ வரி போகப் பழைய ரூ.22.50 கிடைப்பதால் அவர் 50,000 புட்டிகளை விற்க முன்வருவார். பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட புட்டிகள் விற்காமல் தேங்கும். விலை இறங்கியே தீரும்.

இரண்டாவது, அளிப்புக்கோட்டை மேலே நகர்த்தாமல் இடப்புறமாக 8 அலகு நகர்த்துவது. அவ்வாறு செய்தால் அளவு 48, விலை 24 எனக் கிடைக்கும். அவ்விடத்தில் தேவைக்கோட்டிற்கும் பழைய அளிப்புக்கோட்டிற்கும் இடையிலான உயரம் 2 ரூபாயே. வரி 8 ரூபாயாக இருக்க உயரம் 2 ரூபாயாக இருப்பது எங்ஙனம்? இந்த ஒரு சோதனையே பிழையை உணர்த்திவிடும்.

மூன்றாவது, அரசின் வருவாயைப் பழைய அளவால் கணக்கிடுவது. வரி கிடைப்பது விற்ற புட்டிகளுக்கு மட்டுமே. ஆகவே வருவாய் 8 × 42,000 = ரூ.3,36,000, நான்கு இலட்சம் அன்று. விற்காமல் போன 8,000 புட்டிகளால் வாங்குபவரும் விற்பனையாளரும் இழந்த நன்மை அரசுக்கும் சென்று சேர்வதில்லை. படத்தில் அது ஒரு முக்கோணம். அதன் பரப்பு ½ × 8 × 8,000 = ரூ.32,000. இதனை நிகர நல இழப்பு என்பர்.

> தெரிந்து தெளிவோம்
>
> எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியரும் கடலடித் தந்திக்கம்பிப் பணிகளில் வல்லவருமான பிளீமிங் ஜென்கின், 1870ஆம் ஆண்டளவில் தேவை, அளிப்புக் கோடுகளை வரைந்து, வரிச்சுமை பகிரப்படுவதையும் அவற்றின் வாயிலாக விளக்கினார். ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூல் இவ்வரைபடத்தைப் பரவலாக்கியது. விலையைத் தீர்மானிப்பது தேவையா அளிப்பா என்று கேட்பது, காகிதத்தை வெட்டுவது கத்தரிக்கோலின் மேல் அலகா கீழ் அலகா என்று கேட்பது போன்றது என அவர் விளக்கினார்.

இரு வரலாற்றுச் சான்றுகள்

உப்பின் விலை உயர்ந்தால் எவரும் உப்பில்லாமல் உண்ணத் தொடங்குவதில்லை. அதன் தேவைக்கோடு ஏறத்தாழச் செங்குத்தானது. ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு வரி வீடுதோறும் சென்று வசூலிக்கப்படவில்லை; எனினும் அதன் சுமை ஒவ்வோர் ஏழையின் உலைக்கும் வந்து சேர்ந்தது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்து சென்றவர்கள் எதிர்த்த வரி இதுவே.

இதற்கு நேர்மாறான சான்று அமெரிக்காவில் உண்டு. ஓர் இலட்சம் டாலருக்கு மேற்பட்ட இன்பப் படகுகளின் மீது, அவ்வரம்பைக் கடந்த விலைப்பகுதிக்கு 10 விழுக்காடு வரி விதிக்க 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. செல்வரிடம் பெறுவதே நோக்கம். ஆனால் செல்வர் படகு வாங்காமல் வேறு பொருள்களை நாட இயலும். அவர்களுடைய தேவைக்கோடு சாய்ந்தது. படகு கட்டும் தொழிற்கூடங்களோ உடனே வேறு தொழிலுக்கு மாற இயலாதவை. விற்பனை வீழ்ந்தது, தொழிலாளர் வேலையிழந்தனர். அக்காலத்துப் பொருளாதார மந்தமும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகும். 1993இல் படகுகளின் மீதான அவ்வரி நீக்கப்பட்டது.

இப்படகு வரி விலையில் விழுக்காடாக அமைந்தது என்பதையும் கருதுக. புட்டிக்கு 8 ரூபாய் என்பது போன்ற நிலையான வரியில் மட்டுமே கோடு இணையாக நகரும். விழுக்காட்டு வரியில் விலை கூடக்கூட வரியும் கூடுவதால் கோட்டின் சாய்வே மாறும். எனினும் சுமையைக் காணும் வழி மாறாது: புதிய அளவைக் கண்டு, அங்கிருந்து மேலே தேவைக்கோட்டையும் பழைய அளிப்புக்கோட்டையும் நோக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. மேற்கண்ட குளிர்பான அங்காடியின் வரைபடத்தை வரைதாளில் வரைந்து, புட்டிக்கு 4 ரூபாய் வரி விதிக்கப்படும்போது ஏற்படும் அளவையும் இரு விலைகளையும் காண்க.

2. வரி பாதியாகக் குறையும்போது நிகர நல இழப்பு பாதியாகிறதா, காற்பங்காகிறதா என்பதை முக்கோணத்தின் பரப்பைக் கொண்டு விளக்குக.