ஆகஸ்ட்டில் ஆறு வாரமா?

2026 ஆகஸ்ட் 12 ஒரு புதன்கிழமை. அது அந்த மாதத்தின் எத்தனையாவது வாரத்தில் வருகிறது? முதல் தேதியிலிருந்து ஏழேழு நாளாக எண்ணுபவர் இரண்டாவது வாரம் என்பார். திங்களில் தொடங்கும் காலண்டரில் வரிசைகளை எண்ணுபவர் மூன்றாவது என்பார். இருவர் கணக்கும் சரிதான். அந்த ஆகஸ்ட் 1 சனிக்கிழமை என்பதால் காலண்டரின் முதல் வரிசையில் இரண்டே நாட்கள் இருக்கின்றன. கடைசி வரிசையில் 31ஆம் தேதி திங்கள் மட்டும் தனியாக நிற்கிறது. ஆக, 31 நாள் மாதத்துக்கு ஆறு வரிசை.

எந்த எண்ணிக்கை வேண்டும் என்பதை வேலைதான் முடிவு செய்யும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. இங்கே எண்ணப்படுவது சனிக்கிழமைகள்; காலண்டர் வரிசை அல்ல. 2026 நவம்பர் 1 ஞாயிறு. அதனால் இரண்டாவது சனியான 14ஆம் தேதி மூன்றாவது வரிசைக்குப் போய்விடுகிறது. வரிசையை நம்பி அன்று வங்கிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும்.

கடை விற்பனை, வாரக் கூலி போன்ற கணக்குகளுக்குத் தேவை வேறு. அங்கே திங்கள் முதல் ஞாயிறு வரையிலான ஏழு நாளும் ஒன்றாக நிற்க வேண்டும். அதற்கு வார எண்ணைத் தேடுவதற்கு முன், வாரம் தொடங்கிய திங்களைக் கண்டுபிடிப்பதே நல்ல வழி. எக்ஸெலில் A2 கட்டத்தில் தேதி இருந்தால், B2வில் இப்படி எழுதலாம்:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

எக்ஸெல் ஒவ்வொரு தேதியையும் உள்ளுக்குள் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் தேதியிலிருந்து நாட்களைக் கழிக்க முடிகிறது. சூத்திரத்தில் உள்ள 2, திங்களை 1 என்றும் ஞாயிறை 7 என்றும் எண்ணச் சொல்கிறது. புதன் 3. எனவே 12இலிருந்து 3ஐக் கழித்து 1ஐக் கூட்டினால் ஆகஸ்ட் 10, திங்கள். விடையாக 46244 என்று தெரிந்தால் பதற வேண்டாம். கணக்கு சரி, அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் போதும்.

அந்த 2ஐ விட்டுவிட்டால் எக்ஸெல் ஞாயிறை 1 என்று எண்ணத் தொடங்கும். அதைச் சரிக்கட்ட, கடைசியில் 1க்குப் பதில் 2ஐக் கூட்டுபவர்கள் உண்டு. திங்கள் முதல் சனி வரை இது சரியாகவே வரும். ஞாயிறன்று மட்டும் மறுநாள் திங்களைக் காட்டும். ஞாயிறு விற்பனை முழுவதும் அடுத்த வாரத்தில் போய்ச் சேரும். ஆறு நாள் சரியாக வருவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

திங்கள் கிடைத்துவிட்டால் வார எண்ணுக்கு ஒரு வரி போதும்:

```
=INT((DAY(B2)-1)/7)+1
```

திங்கள் 10ஆம் தேதி. 9ஐ 7ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 1. அதோடு 1ஐக் கூட்டினால் 2. ஆகஸ்ட் இரண்டாவது வாரம். இந்த முறையில் ஒரு வாரம் எந்த மாதத்துத் திங்களில் தொடங்கியதோ அந்த மாதத்துக்கே சொந்தம். ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு உரிய திங்கள் ஜூலை 27. ஆகவே அது ஜூலையின் நான்காவது வாரத்தில் சேரும். கணக்கில் மாதத்தின் பெயரையும் A2விலிருந்து அல்லாமல் B2விலிருந்தே எடுக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த நாள் ஆகஸ்ட்டின் நான்காவது வாரமாகப் பதிவாகிவிடும். எந்த வாரமும் இரண்டாக உடையாது என்பதால், வார விற்பனையை ஒப்பிடுவோருக்கு இதுவே ஏற்றது.

காலண்டர் வரிசைதான் வேண்டுமென்றால் இது உதவும்:

```
=WEEKNUM(A2,2)-WEEKNUM(DATE(YEAR(A2),MONTH(A2),1),2)+1
```

ஆகஸ்ட் 12க்கு இது 3 தரும். இதில் WEEKNUMக்குப் பதிலாக ISOWEEKNUM போட்டால் ஜனவரியில் சிக்கல் வரும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஐஎஸ்ஓ முறைப்படி அது முந்தைய ஆண்டின் 53ஆவது வாரம். ஜனவரி 5 முதல் வாரம். ஒன்றிலிருந்து 53ஐக் கழித்து 1ஐக் கூட்டினால் விடை -51. வர வேண்டியது 2.

சூத்திரத்தைத் தாள் முழுவதும் இழுப்பதற்கு முன் மூன்று தேதிகளில் சோதித்துப் பார்ப்பது நல்லது. B2வில் 2026 ஆகஸ்ட் 2க்கு ஜூலை 27, ஆகஸ்ட் 3க்கு அதே ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 31க்கு அதே 31 வர வேண்டும். விடைக்குப் பதில் #VALUE! என்று வந்தால், A2வில் இருப்பதை எக்ஸெல் தேதியாக ஏற்கவில்லை, வெறும் எழுத்தாகவே பார்க்கிறது என்று பொருள்.