மார்ச் 31 எங்கே போனது?

மார்ச் 31 இரவு கல்லாவை எண்ணி முடித்தவருக்கு அன்றைய விற்பனை எவ்வளவு என்று தெரியும். மறுநாள் கணினியில் மார்ச் மாதக் கணக்கை எடுக்கிறார். தொகை குறைகிறது. பில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பில்லும் திரையில் வருகிறது, ஒன்றும் அழியவில்லை. மாதக் கூட்டுத்தொகையில் மட்டும் அவை சேரவில்லை. இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒரே ஒரு சொல்லை: BETWEEN.

கணக்கு மென்பொருள்களின் பின்னால் தரவுத்தளம் ஒன்று இருக்கும். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை உள்ள பில்களைக் கூட்டிக் கொடு’ என்று அதனிடம் கேட்கும் மொழிக்கு எஸ்.கியூ.எல். என்று பெயர். மார்ச் மாதத்துக்கான கேள்வியைப் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்:

```sql
SELECT SUM(amount) FROM bills
WHERE bill_time BETWEEN '2025-03-01' AND '2025-03-31';
```

தமிழில் ‘ஒன்றுக்கும் பத்துக்கும் இடையே’ என்றால் ஒன்றும் பத்தும் சேருமா என்று ஐயம் வரும். ‘ஒன்று முதல் பத்து வரை’ என்றால் இரண்டும் சேர்த்திதான். BETWEEN இரண்டாவது வகை. கீழ் எல்லைக்குச் சமமானதும் வரும், மேல் எல்லைக்குச் சமமானதும் வரும். அப்படியானால் 31ஆம் தேதியும் சேர வேண்டுமே?

சேராததற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் தேதி மட்டும் இல்லை, நேரமும் இருக்கிறது. ‘2025-03-31’ என்று நேரம் சொல்லாமல் எழுதினால், தரவுத்தளம் அதை 31ஆம் தேதி நள்ளிரவு 00:00:00 என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாள் பிறக்கும் கணம் அது. எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது. காலை பத்தரை மணிக்குப் போட்ட பில் அந்தக் கணத்தைத் தாண்டியது; ஆகவே வெளியே நிற்கிறது. எல்லைக்கோடு சேர்த்திதான், ஆனால் கோடு நாம் நினைத்த இடத்தில் இல்லை.

ஆறே பில்களை வைத்துப் பார்ப்போம். எண், நேரம், தொகை என்ற வரிசையில்:

```
501  2025-03-30 20:15:00      1200
502  2025-03-31 00:00:00       800
503  2025-03-31 10:42:10      2500
504  2025-03-31 20:59:30      4000
505  2025-03-31 23:59:59.640   900
506  2025-04-01 00:00:00       600
```

502, 506 இரண்டும் கையால் எழுதிய ரசீதைப் பார்த்து, தேதியை மட்டும் கொடுத்துப் பின்னால் பதிந்தவை. நேரம் கொடுக்காததால் நள்ளிரவு என்று விழுந்திருக்கிறது. 505 இணையம் வழியே வந்த ஆர்டர். மார்ச் மாதத்துக்குச் சேர வேண்டியவை முதல் ஐந்து. கூட்டினால் 9,400 ரூபாய்.

மேலே உள்ள கேள்வி 2,000 ரூபாய் என்று பதில் சொல்லும். 501, 502 மட்டுமே அதில் அடங்கும். 502 வந்ததுதான் ஆபத்து. 31ஆம் தேதியில் ஒரு பில் தெரிவதால், அந்த நாள் சேர்ந்துவிட்டது என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். சோதனைக்காகத் தேதியை மட்டும் கொடுத்துப் பதியும் மாதிரிப் பில்கள் எல்லாமே 502 போன்றவை. அவற்றை வைத்துச் சோதித்தால் பிழை தெரியவே தெரியாது.

குறை தெரிந்ததும் முதலில் தோன்றும் வைத்தியம், மேல் எல்லையை ஏப்ரல் 1 என்று மாற்றுவது. இப்போது 10,000 ரூபாய் வரும். மார்ச் பில்கள் எல்லாம் வந்துவிட்டன. கூடவே ஏப்ரலின் 506ஆம் பில்லும் வந்துவிட்டது. மேல் எல்லையும் சேர்த்தி அல்லவா? ஏப்ரல் கணக்கை எடுக்கும்போது அதே 600 ரூபாய் அங்கேயும் வரும். ஒரு பில், இரண்டு மாதங்களில் வருமானம்.

அடுத்த வைத்தியம் ‘2025-03-31 23:59:59’ என்று எழுதுவது. 8,500 ரூபாய் கிடைக்கும். 505ஆம் பில் அந்தக் கடைசி வினாடிக்குள் 640 மில்லிவினாடி கழித்து வந்தது, அதனால் விடுபட்டது. மில்லிவினாடியையும் சேர்த்து 23:59:59.999 என்று எழுதுபவர்கள் உண்டு. எஸ்.கியூ.எல். சர்வரின் பழைய datetime வகை ஒரு வினாடியின் முந்நூற்றில் ஒரு பங்கு வரைதான் நுட்பமாக வைத்துக்கொள்ளும். ஆகவே .999 என்பதை அது மறுநாள் 00:00:00 என்று முழுமையாக்கிவிடும். 506 மறுபடி உள்ளே வந்துவிடும். நாளின் கடைசிக் கணத்தைத் தேடிப் பிடிக்கிற வழியே தவறு என்பது என் கருத்து. அந்தக் கணம் எது என்பது கட்டத்தின் வகையைப் பொறுத்து மாறும். அடுத்த நாளின் முதல் கணம் எந்த வகையிலும் மாறாது.

```sql
WHERE bill_time >= '2025-03-01'
  AND bill_time <  '2025-04-01'
```

தொடக்கம் சேர்த்தி, முடிவு சேராது. 9,400 ரூபாய் சரியாக வரும். 506 ஏப்ரலுக்கு மட்டுமே போகும். பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்று பார்க்கும் வேலையும் இல்லை. மார்ச் 1க்கு முன்பு என்று எழுதினால் போதும். கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், எண் வரிசைகளைக் குறிக்க இந்த முறையே சிறந்தது என்று வாதிட்டார். ஒரு பகுதி முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும். நடுவே இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

BETWEEN எல்லா இடத்திலும் கெட்டது என்று சொல்லவில்லை. நேரம் இல்லாத, வெறும் தேதி மட்டும் வைக்கும் கட்டத்தில் அது சரியாகவே வேலை செய்யும். பிழை பின்னால் வந்து சேர்வதும் உண்டு. எந்த மணிக்கு அதிக விற்பனை என்று அறிய விரும்பி, தேதிக் கட்டத்தை நேரமும் கொண்டதாக மாற்றுவார்கள். பழைய கேள்வி அப்படியே ஓடும். பிழைச் செய்தி வராது, தொகை மட்டும் குறையும்.

எண்களிலும் இதே சங்கடம் உண்டு. தள்ளுபடிக்கு 1 முதல் 999 வரை ஒரு படி, 1000 முதல் 4999 வரை அடுத்த படி என்று BETWEEN போட்டு எழுதினால், 999 ரூபாய் 50 காசு பில் எந்தப் படியிலும் சேராது. 1000 என்பதை இரண்டு படிக்கும் எல்லையாக வைத்தால், ஆயிரம் ரூபாய் பில் இரண்டிலும் விழும். முழு எண் மட்டுமே வரும் இடத்தில்தான், வகுப்பு எண் போன்றவற்றில், கவலை இல்லை.

உங்கள் மென்பொருளில் இந்தக் குறை இருக்கிறதா என்று நிரல் தெரியாமலே கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டு மாதக் கணக்குகளைக் கூட்டி, முழு ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் ஆண்டுக் கணக்கு மார்ச் 31 என்ற ஒரு நாளை மட்டும் இழக்கும். மாதக் கணக்குகளோ தலா ஒன்றாகப் பன்னிரண்டு நாட்களை இழக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. இதைவிட எளிய வழி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்ற இரு கட்டங்களிலும் நேற்றைய தேதியையே போட்டுப் பார்ப்பது. நேற்று வியாபாரம் நடந்திருந்தும் திரை வெறுமையாக வந்தால், மென்பொருள் எழுதிக் கொடுத்தவரை இன்றே அழைத்துச் சொல்லுங்கள்.