கோட்டுக்கு எத்தனை மைக்ரான்?

மலப் பரிசோதனை ஸ்லைடில் நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு ஒரு முட்டை தெரிந்தால் கொக்கிப்புழு என்றுதான் எழுதத் தோன்றும். ஆடுமாடுகளின் குடலில் வாழும் டிரைக்கோஸ்டிராங்கைலஸ் புழு சில சமயம் மனிதருக்கும் தொற்றும். அதன் முட்டையும் ஏறக்குறைய இதே சாயல்தான். கொக்கிப்புழு முட்டையின் நீளம் 60 முதல் 75 மைக்ரான், மற்றதன் நீளம் 75 முதல் 95 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்மதிப்பில் பிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு மைக்ராஸ்கோப்பின் ஐபீஸுக்குள் ஒரு வட்டக் கண்ணாடி வில்லையைப் போடுகிறார்கள். இதுதான் ஆக்குலர் மைக்ரோமீட்டர். அதில் வரிசையாகக் கோடுகள் உண்டு, ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மைக்ரான் என்பது அதில் இருக்காது. லென்ஸை மாற்றினால் முட்டை பெரிதாகத் தெரியும், கோடுகள் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் அந்த மதிப்பைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்கு உதவுவது ஸ்டேஜ் மைக்ரோமீட்டர். இது ஒரு மில்லிமீட்டரை நூறு சமபாகமாகப் பிரித்துப் பொறித்த ஸ்லைடு. ஒரு பாகம் 10 மைக்ரான். 40 எக்ஸ் லென்ஸில் இதைத் தெளிவாக்கி, ஐபீஸைத் திருப்பி இரண்டு அளவுகோல்களையும் இணையாக்கி, இடது ஓரத்துப் பூஜ்யக் கோடுகளைப் பொருத்துகிறோம். பிறகு வலப்பக்கம் கூடியவரை தள்ளி, இரண்டும் மறுபடி சேரும் கோட்டைத் தேடுகிறோம். பக்கத்திலேயே சேரும் கோட்டை எடுத்தால் பிழை பெருகும். இந்த லென்ஸில் ஸ்டேஜ் கோடுகள் தடித்துத் தெரியும் என்பதால் எப்போதும் கோட்டின் ஒரே ஓரத்தையே பார்க்க வேண்டும். ஐபீஸின் 80 பாகங்கள் ஸ்டேஜின் 20 பாகங்களோடு, அதாவது 200 மைக்ரானோடு, பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 80-ஆல் வகுத்தால் ஒரு பாகம் 2.5 மைக்ரான்.

இனி ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை எடுத்துவிட்டு நோயாளியின் ஸ்லைடை வைக்கலாம். முட்டை 26 பாகம் நீளம் என்றால் 65 மைக்ரான், அது கொக்கிப்புழு. 33 பாகம் என்றால் 82.5 மைக்ரான், அது டிரைக்கோஸ்டிராங்கைலஸ்.

தவறு பெரும்பாலும் பெருக்கும் எண்ணில்தான் வருகிறது. பக்கத்து மைக்ராஸ்கோப்பில் ஒரு பாகம் 3.2 மைக்ரானாக இருந்து, அந்த எண்ணை இங்கே போட்டுவிட்டால் அதே 26 பாகம் 83 மைக்ரானாகிவிடும். கொக்கிப்புழுவைக் கால்நடைப் புழு என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். வெறுங்காலில் மண்ணில் நடந்தவரிடம் அதை விசாரிக்காமல், சாணம் பட்ட கீரையைச் சாப்பிட்டாரா என்று டாக்டர் விசாரிப்பார். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. சாயமேற்றிய ரத்தப் பூச்சில் சிவப்பணு ஒன்றின் விட்டம் சுமார் ஏழரை மைக்ரான். அது 2.5 மைக்ரான் அளவில் மூன்று பாகத்தை நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பாவிட்டால் மறுபடி அளவீடு செய்ய வேண்டும்.

சாய்ந்து கிடக்கும் முட்டை குட்டையாகத் தெரியும், எனவே தட்டையாகப் படுத்திருப்பவற்றில் நாலைந்தையாவது அளப்பது நல்லது. 75 மைக்ரானை ஒட்டி வந்தால் நீளம் மட்டும் போதாது. ஒரு முனை கூராக இருக்கிறதா, உள்ளே செல்கள் நாலெட்டுத்தானா, இல்லை அதிகமாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழுக்களில் முக்கியமான இரண்டு வகைகள் ஆன்சைலோஸ்டோமாவும் நெக்கேட்டரும். அவற்றின் முட்டைகளை இந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாது. அதற்கு மலத்தை வளர்த்து, வெளிவரும் இளம்புழுவைப் பார்க்க வேண்டும்.