முதல் பத்தி: எங்கே தொடங்குவது, எதை விடுவது

‘சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு’ என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை கேட்டால், பெரும்பாலான தாள்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் வான் சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறள். அடுத்து, பூமியின் பரப்பில் முக்கால் பங்கு நீர் என்றாலும் குடிக்கத் தகுந்தது மிகக் கொஞ்சம் என்ற செய்தி. பிறகு மக்கள்தொகைப் பெருக்கம். கடைசியாக, ‘இது குறித்து இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்’ என்ற வரி. பள்ளிக்கூடத்தில் முன்னுரை என்ற பெயரில் நமக்குப் பழக்கப்படுத்தியது இதைத்தான்.

அந்தப் பத்தியில் ஒரு தகவலும் பிழையில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்து மதுரையின் வைகையைப் பற்றிய கட்டுரைக்கு முன்னால் வைத்தாலும் பொருந்திவிடும். சென்னைக்கு வந்து சேர்வதற்குள் பத்தியே முடிந்துவிடுகிறது. முதல் பத்தி தேறுமா என்று பார்க்க நான் நம்புவது இந்த ஒரு சோதனையைத்தான்: வேறு கட்டுரைக்கும் அது பொருந்துகிறதென்றால், இந்தக் கட்டுரை இன்னும் தொடங்கவில்லை.

இதை உணர்ந்தவர்கள் பல நேரம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ‘1996இல் கிருஷ்ணா நீர் சென்னைக்கு வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2004இல் வீராணம் நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. 2015இல் வெள்ளம் வந்தது. 2019இல் வறட்சி வந்தது.’ இது சென்னையைப் பற்றியதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் வாசகர் எதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போவது? ஆலைகளைப் பற்றிப் படிக்கப்போகிறாரா, ஏரிகளைப் பற்றியா, அரசின் சட்டத்தைப் பற்றியா? பின்னணி நிறையவே இருக்கிறது, எல்லை மட்டும் இல்லை.

பின்னணியில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பின்னணியே சொல்லாது. கட்டுரை எழுப்பும் கேள்விதான் அதைச் சொல்லும். ஆகவே முதலில் கேள்வியைத் தேட வேண்டும். மேலே உள்ள ஆண்டுகளில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று உரசுகின்றன: வெள்ளத்தில் மிதந்த ஊர் நான்கே ஆண்டுகளில் தண்ணீருக்குத் தவித்திருக்கிறது. அந்த உரசலில் கட்டுரைக்கான கேள்வி கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் மற்ற ஆண்டுகள் தாமாகவே பின்னுக்குப் போய்விடும். இப்போது பத்தியை இப்படி எழுதலாம்:

‘2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, சென்னையின் தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்க வேண்டியிருந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் ஊரில் பெய்த நீர் ஏன் தங்கவில்லை? இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மழைநீர் ஏரிகளுக்கும், நகருக்குள் நிலத்தடிக்கும் போய்ச் சேர்ந்த விதத்தை மட்டும் இங்கே பார்க்கிறேன். கிருஷ்ணா நீர், வீராணம், கடல்நீர் ஆலைகள் ஆகியவை வெளியிலிருந்து கொண்டுவரும் நீர் என்பதால் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.’

முதல் மூன்று வாக்கியங்கள் பின்னணி. இந்த விவகாரமே தெரியாத ஒருவர் உள்ளே வர அவ்வளவு போதும். வெள்ளத்தின் சேதக் கணக்கு உருக்கமானதுதான், ஆனாலும் இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை என்பதால் விட்டிருக்கிறேன். மழை அளவு மட்டும் உள்ளே வந்ததற்குக் காரணம், அது இல்லாவிட்டால் ‘சென்னை மழையில்லாத ஊர்தானே’ என்று வாசகர் நினைத்துவிடலாம், கேள்வியின் கூர்மையும் போய்விடும். கடைசி இரண்டு வாக்கியங்கள் எல்லை. காலம், இடம், நீரின் வகை மூன்றும் அவற்றில் இருக்கின்றன. விலக்கியவற்றை ஏன் விலக்கினேன் என்பதும் இருக்கிறது. காரணம் சொல்லாமல் விலக்கினால், தெரியாததால் விட்டுவிட்டார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆனால் இந்தப் பத்தியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டுரையின் உடற்பகுதியை எழுதிப் பார்த்தால்தான் அது தெரியும். கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரியில்தான் வந்து சேர்கிறது. அப்படியிருக்க, பூண்டியின் நீர்மட்டத்தைப் பேசிவிட்டுக் கிருஷ்ணா நீரைப் பேசமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏரியில் இருந்த நீரில் மழை எவ்வளவு, கால்வாய் நீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத கணக்கு வாசகரை ஏமாற்றும். எனவே கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும்: ‘வீராணம் நீரையும் கடல்நீர் ஆலைகளையும் எடுத்துக்கொள்ளவில்லை, கிருஷ்ணா நீர் பூண்டியில் கலப்பதால், ஏரிக் கணக்கில் அதைத் தனியே பிரித்துக் காட்டுகிறேன்.’

இதனால்தான் முதல் பத்தியைக் கடைசியில் திருப்பி எழுத வேண்டும் என்கிறார்கள். தொடங்கும்போது எழுதுவது ஒரு உத்தேசம்தான். கட்டுரை முடிந்ததும், உடற்பகுதியின் ஒவ்வொரு பத்தியையும் எல்லை வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெம்மேலி ஆலையைப் பற்றி ஒரு பத்தி எப்படியோ உள்ளே வந்திருந்தால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: அந்தப் பத்தி போக வேண்டும், அல்லது எல்லையும் அதற்கான காரணமும் மாற வேண்டும். உழைத்துத் திரட்டிய தகவல் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். வாசகர் அதை உடனே கண்டுகொள்வார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிய பத்தியோ எல்லைக்குள்தான் இருக்கிறது. மழைநீர் தங்கக்கூடிய இடம் அது. 2003ஆம் ஆண்டின் மழைநீர் சேகரிப்புச் சட்டம் குறித்த காலத்துக்கு முந்தியது என்றாலும், வீடுகளில் போட்ட தொட்டிகளும் குழாய்களும் அந்தக் காலத்தில் வேலை செய்தனவா என்பதற்காக உடற்பகுதியில் சுருக்கமாக வரலாம். முதல் பத்தியில் அதற்கு வேலையில்லை.

எல்லை சொல்வதென்பது பொருளடக்கம் ஒப்பிப்பதாகவும் ஆகிவிடக் கூடாது. ‘முதலில் ஏரிகளையும், அடுத்து நிலத்தடி நீரையும், பின்னர் தீர்வுகளையும் காண்போம்’ என்ற வாக்கியம் வரிசையைத்தான் சொல்கிறது, எது உள்ளே எது வெளியே என்று சொல்வதில்லை.

நூலுக்குள் நுழைவதற்கு முன் இதையெல்லாம் சொல்லிவிடும் வழக்கம் தமிழில் பழையது. சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டியவை என்று பவணந்தியாரின் நன்னூல் தரும் பட்டியலில் நுதலிய பொருள், கேட்போர், பயன் எல்லாம் இருக்கின்றன. இந்த நூல் எதைப் பேசுகிறது, யாருக்கு, எதற்காக என்பவை அன்றே முகப்பில் வந்தாக வேண்டியவை. பள்ளி முன்னுரையில் பழமொழி தங்கி, இவை கழன்றுபோனது எனக்கு வருத்தம்தான்.

தேர்வுக்கூடத்தில் எழுதுபவருக்குத் திருப்பி எழுத நேரமிருக்காது. அவர் தாளின் தலையில் ஐந்தாறு வரி இடம் விட்டுவிட்டு உடற்பகுதியிலிருந்து தொடங்கலாம், முடித்த பின் அந்த இடத்தை நிரப்பலாம். அதற்கும் துணிவில்லையென்றால், எழுதத் தொடங்கும் முன் கடைசிப் பக்கத்தில் கேள்வியையும் விலக்கப்போவதையும் ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டு, எழுதும்போது அவற்றைத் தாண்டாமல் இருக்க வேண்டும். விடை இருநூறு சொற்களுக்குள் முடிய வேண்டுமென்றால் முன்னுரைக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தர முடியாது. அந்த இரண்டிலும் பின்னணியும் எல்லையும் இருக்கலாம்: ‘2015இல் வெள்ளத்தில் மிதந்த சென்னையில் 2019இல் நான்கு ஏரிகளும் வற்றின. பெய்த மழை ஏன் தங்கவில்லை என்பதை ஏரிகள், நிலத்தடி நீர் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு இங்கே ஆராய்கிறேன்.’